வகுப்புக்கு வராத மாணவி: வீணை ஆசிரியை எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: ஐயா, நான் பினாங்கில் என் வீட்டிலேயே வீணை கற்றுக்கொடுக்கிறேன். பதினொரு வயது மாணவி ஒருத்தியின் பெற்றோர் மார்ச் வரைக்கும் மூன்று மாதக் கட்டணம் 540 ரிங்கிட்டை முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். மாதம் நான்கு வகுப்பு. ஜனவரி, பிப்ரவரியில் நடந்திருக்க வேண்டிய எட்டு வகுப்புகளில் பிள்ளை மூன்றுக்குத்தான் வந்தாள். நான்கு முறை சொல்லாமலே வரவில்லை, அல்லது வகுப்பு நேரத்தில் செய்தி அனுப்பினார்கள். ஒரு வாரம் நான்தான் வெளியூர் போனதால் ரத்து செய்தேன். அதற்கு மாற்று வகுப்பு இன்னும் கொடுக்கவில்லை. சேரும்போதே 'ஒரு நாள் முன்பு சொல்லாமல் தவறும் வகுப்புக்கு மாற்று கிடையாது' என்று புலனத்தில் அனுப்பியிருந்தேன். நிறுத்துவதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. 300 ரிங்கிட் வைப்புத் தொகை வாங்கிக்கொண்டு என் வீணை ஒன்றை அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் நல்லவர்கள், மனம் நோகக் கூடாது. ஆனாலும் நிறுத்த வேண்டும். கடிதத்தில் என்ன எழுதலாம்? பணம் திருப்பித் தர வேண்டுமா?

பதில்: தனியார் வகுப்பில் ஒரு மாணவியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளும்படி உங்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாது. நீங்கள் தாராளமாக நிறுத்தலாம். ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லி, எந்தத் தேதியிலிருந்து நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நிலை பலமாகவோ பலவீனமாகவோ அமையும். உங்கள் நிலையில் இருக்கும் பலர், 'நீங்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், ஆகவே இன்றோடு வகுப்பு முடிந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுத வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை.

இங்கே ஒப்பந்தம் உங்களுக்கும் பெற்றோருக்கும் இடையில்தான் இருக்கிறது. மாணவி 18 வயது நிரம்பாதவள் என்பதால் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி அவளுக்கு இல்லை. பெற்றோர் உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி கட்டணம் செலுத்துவது. அதை அவர்கள் முன்கூட்டியே நிறைவேற்றிவிட்டார்கள். பிள்ளையை ஒவ்வொரு வாரமும் தவறாமல் அழைத்து வருவோம் என்று அவர்கள் தனியாக உறுதி கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. பணம் கட்டியவர் வராமல் இருப்பது பெரும்பாலும் தமக்குரிய சேவையைத் தாமே பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவதாகவே கருதப்படுமே தவிர, ஒப்பந்த மீறல் என்று எளிதில் நிரூபிக்க முடியாது.

அதை மீறல் என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு தடை இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, ஒரு தரப்பு தன் வாக்குறுதியை முழுமையாக நிறைவேற்ற மறுத்தாலோ, நிறைவேற்ற முடியாத நிலையைத் தானே உண்டாக்கிக்கொண்டாலோ, மறு தரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மறு தரப்பு, ஒப்பந்தம் தொடர்வதற்குத் தனக்குச் சம்மதம் என்று சொல்லாலோ நடத்தையாலோ காட்டியிருந்தால் அந்த உரிமை கிடையாது. எட்டில் மூன்று வகுப்புக்கு வந்தவர்கள் முழுமையாக மறுத்துவிட்டார்கள் என்று சொல்ல இயலாது. அதோடு, அவர்கள் வராத ஒவ்வொரு முறைக்குப் பிறகும் அடுத்த வாரத்துக்காக நீங்கள் வீணையைச் சுருதி சேர்த்து வைத்துக் காத்திருந்தீர்கள். அந்தப் பொறுமையே தொடர்வதற்கான சம்மதமாகக் காட்டப்படலாம். மீறல் என்று அறிவித்து உடனடியாக நிறுத்தினால், நடத்த வேண்டிய வகுப்புகளை நடத்த மறுத்தவர் நீங்கள் என்று கணக்கு தலைகீழாகத் திரும்பிவிடும்.

ஆகவே குற்றம் சாட்டாமல், நியாயமான கால அறிவிப்புக் கொடுத்து முடிப்பதே பாதுகாப்பான வழி. முடிவுகாலம் குறிக்கப்படாமல் தொடர்ந்து நடக்கும் ஏற்பாட்டை எந்தத் தரப்பும் நியாயமான அறிவிப்போடு முடித்துக்கொள்ளலாம் என்பது பொதுவான கொள்கை. மாதக் கணக்கில் கட்டணம் வாங்கும் வகுப்புக்கு ஒரு மாத அறிவிப்பு போதுமானது என்பது என் கருத்து. உங்கள் விஷயத்தில் அவர்கள் செலுத்திய பணமும் மார்ச் இறுதியில்தான் தீர்கிறது. பிப்ரவரி முடிவதற்குள் கடிதம் கொடுத்து மார்ச் 31ஐ நிறைவு நாளாகக் குறித்தால், அறிவிப்பும் கட்டணமும் ஒரே நாளில் முடிந்துவிடும். பெற்றோருக்கும் வேறு ஆசிரியரைத் தேட அவகாசம் கிடைக்கும்.

இனி பணம். மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு வகுப்பு, 540 ரிங்கிட். ஒரு வகுப்புக்கு 45 ரிங்கிட். பிள்ளை வந்த மூன்று வகுப்புகளைப் பற்றிப் பேச்சே இல்லை. முன்னறிவிப்பின்றி வராத நான்கு வகுப்புகளுக்கு நீங்கள் நேரத்தை ஒதுக்கி ஆயத்தமாக இருந்தீர்கள். மாற்று கிடையாது என்ற விதியும் முதல் நாளிலேயே எழுத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பணம் உங்களுடையது. நீங்கள் ரத்து செய்த ஒரு வகுப்பு மட்டும் வேறு வகை. அதற்கு மார்ச்சுக்குள் மாற்று வகுப்புக் கொடுக்க வேண்டும், இல்லையேல் 45 ரிங்கிட்டைத் திருப்பித் தர வேண்டும். இதை அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே கடிதத்தில் எழுதிவிடுங்கள். மார்ச் வகுப்புகளை நடத்தாமல் இப்போதே நிறுத்துவதாக இருந்தால், அந்த நான்கும் சேர்த்து ஐந்து வகுப்புக்கான 225 ரிங்கிட்டைத் தயக்கமின்றித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நடத்தாத வகுப்புக்கான கட்டணத்தை வைத்துக்கொள்ள உங்களுக்கு எந்த அடிப்படையும் கிடையாது.

300 ரிங்கிட் வைப்புத் தொகை வீணைக்காக வாங்கப்பட்டது. வராத வகுப்புகளுக்கு ஈடாக அதைப் பிடித்து வைப்பது தவறு. தந்தி அறுந்திருப்பதும் மெட்டுகள் சற்றுத் தேய்ந்திருப்பதும் பயன்பாட்டில் இயல்பானவை. குடத்தில் விரிசல் போன்ற உண்மையான சேதம் இருந்தால், பழுதுபார்த்த ரசீதைக் காட்டி அந்தத் தொகையை மட்டும் கழிக்கலாம். வீணை திரும்பி வரும் நாளில் இருவரும் சேர்ந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கில் நான் இவ்வளவு கவனம் செலுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் நீங்கள் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் பார்வையில் சேவை வழங்குபவர். மனக்குறை உள்ள பெற்றோர், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் துணையின்றியே மனுச் செய்யலாம். அங்கே உங்களைக் காப்பாற்றப்போவது வருகைப் பதிவும், அன்று அனுப்பிய புலனச் செய்தியும், வகுப்பு வகுப்பாகக் கணக்குக் காட்டும் இந்தக் கடிதமும்தான். கடிதம் தமிழில் இருக்கலாம். மன்றத்தில் காட்ட நேர்ந்தால் மலாய் மொழிபெயர்ப்பைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடிதத்தை இப்படி எழுதலாம்:

'அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். உங்கள் மகளுக்கு வீணை கற்பிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்ததற்கு நன்றி. அவளுக்கு நல்ல சுருதி ஞானம் இருக்கிறது. ஜண்டை வரிசைகளை அவள் விரைவாகப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எட்டு வகுப்புகளில் மூன்றில் அவள் கலந்துகொண்டாள். இந்த இடைவெளிகளோடு அவளுக்கு முறையாகப் பாடம் நடத்த என்னால் இயலவில்லை. எனவே மார்ச் 31ஆம் தேதியோடு அவளுடைய வகுப்புகளை நிறைவு செய்ய முடிவெடுத்திருக்கிறேன். இந்த முடிவு உறுதியானது.

மார்ச் மாதத்தின் நான்கு வகுப்புகளும் வழக்கமான நேரத்தில் நடைபெறும். நான் ரத்து செய்த ஒரு வகுப்புக்கு மாற்றாக மார்ச்சில் உங்களுக்கு வசதியான ஒரு நாளைச் சொல்லுங்கள். அது இயலாவிட்டால் 45 ரிங்கிட்டை மார்ச் 31க்குள் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுவேன். முன்னறிவிப்பின்றித் தவறிய நான்கு வகுப்புகளுக்கு, சேரும்போது அனுப்பிய விதிப்படி மாற்றோ பணமோ இல்லை. என்னுடைய வீணையை ஏப்ரல் 7க்குள் திருப்பித் தந்தால், அதைப் பார்த்தபின் 300 ரிங்கிட் வைப்புத் தொகையை ஏழு நாட்களுக்குள் கொடுத்துவிடுகிறேன்.

வேறு ஆசிரியரிடம் அவள் தொடர விரும்பினால், இதுவரை நடந்த பாடங்களை எழுதித் தருகிறேன். அவள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை அவளிடம் சொல்லுங்கள்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதினொரு வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் அழைத்து வந்தால்தான் அவளால் வர முடியும். வகுப்பு நின்றதற்குத் தான்தான் காரணம் என்று அவள் நினைக்க விடக் கூடாது. 'இந்த முடிவு உறுதியானது' என்பதையும் நீக்காதீர்கள். மென்மைக்காக 'நிலைமை மாறினால் பார்க்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தால், ஏப்ரலில் அவர்கள் நிலைமை மாறிவிட்டது என்று வந்து நிற்பார்கள். கடிதம் அறிவிப்பா எச்சரிக்கையா என்ற கேள்வியும் எழும். வேலையையோ குடும்பச் சூழ்நிலையையோ குறித்து உங்கள் ஊகங்களை எழுத வேண்டாம்.

கடிதத்தைத் தேதியிட்டுக் கையொப்பமிட்டு, பெற்றோரின் தனிப்பட்ட புலன எண்ணுக்கும் பதிவு அஞ்சலிலும் அனுப்புங்கள். மாணவர்களின் பெற்றோர் அனைவரும் இருக்கும் குழுவில் அதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பொறுப்பில்லாத குடும்பம் என்ற பொருளில் மூன்றாம் நபர் படிக்கும்படி எழுதினால், அது அவதூறு வழக்குக்கு இடம் கொடுத்துவிடும். யாராவது கேட்டால், மார்ச்சோடு வகுப்பு நிறைவடைந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

மார்ச் மாதத்தில் அவர்கள் வராவிட்டாலும் நீங்கள் வகுப்பு நேரத்தில் வீட்டில் ஆயத்தமாக இருந்து வருகைப் பதிவில் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கட்டணம் உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தால், அன்றே திருப்பி அனுப்பி, வகுப்பு மார்ச்சில் முடிந்துவிட்டது என்று ஒரு செய்தியும் அனுப்ப வேண்டும். அதை வைத்துக்கொண்டால், நீங்களே முடித்த ஏற்பாட்டை நீங்களே புதுப்பித்ததாக ஆகிவிடும். ஏப்ரல் 7 கடந்தும் வீணை வரவில்லை என்றால் எழுத்து மூலம் ஒரு நினைவூட்டல் அனுப்பி 14 நாள் கொடுங்கள். அதன் பிறகும் வராவிட்டால், வீணையின் மதிப்பு 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை முறையில் நீங்களே மனுச் செய்யலாம்.