ஜாக்கெட் அளவு: காலையா, சாயங்காலமா? தையல்கார அக்காவிடம் கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: அக்கா, வைகாசியில் கல்யாணம். ஜாக்கெட் அளவை எந்த நேரத்தில் எடுக்கணும்?

உடுத்தப்போகும் நேரத்தில் எடுங்கள். முகூர்த்தத்துக்குக் காலையில், வரவேற்புக்குச் சாயங்காலம். நம்மூரில் பெண்கள் விளக்குத்தூணில் பட்டெடுத்து, வெயிலில் அலைந்து, பிரியாணி ஜிகர்தண்டா எல்லாம் முடித்துவிட்டு நாலு மணிக்கு என்னிடம் வந்து நிற்பார்கள்.

அப்படி வந்த ஒரு பெண்ணுக்குக் கீழ்ப்பட்டி வரும் இடத்தில் 31 அங்குலம். மறுநாள் காலை ஏழு மணிக்கு, சாப்பிடும் முன் வரச்சொன்னேன். 30. முகூர்த்தம் காலையில்தானே, 30 போதும் என்றார் அவர் அம்மா. பெண்ணைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி மறுபடி டேப்பைச் சுற்றினேன். திரும்பவும் 31! மணையில் ஒரு மணி நேரம் உட்காரப்போகிறவருக்கு 30-ல் தைத்தால் கொக்கி இழுக்கும். 31 வைத்தேன்.

மார்புக்கு வேறு கணக்கு. இயல்பாக மூச்சை விட்டு முடித்த நொடியில் 36, நன்றாக இழுத்தால் 37½. அந்த ஒன்றரை அங்குலம்தான் லூசு. அதனால் 36 என்று எழுதி, தைத்து முடித்த சுற்றளவு 37½ வரும்படி வெட்டினேன். மூச்சைப் பிடித்தபடி 37½ எடுத்து, அதன் மேலும் லூசு சேர்த்தால் கக்கத்தில் துணி பையாகத் தொங்கும்.

மேலூரிலிருந்து: நானே வீட்டில் எடுத்து அனுப்பினேன், முதுகு இறக்கம் தப்பாகிவிட்டது. ஏன்?

டேப்பில் என்ன எண் என்று குனிந்து பார்த்திருப்பீர்கள். குனிந்தால் முதுகு நீளும், முன்பக்கம் சுருங்கும், தோள் முன்னால் வரும். இன்னொருவர் எடுக்கட்டும். நீங்கள் எதிர்ச்சுவரைப் பாருங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: வெறும் வயிற்றில் காலையில் எடுப்பதுதான் சரி என்று ஜிம்மில் சொல்கிறார்களே?

இடுப்பு குறைகிறதா என்று வாராவாரம் பார்ப்பவருக்கு அது சரி. ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். தொப்புளுக்கு நேராக வைக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்ட பிறகு பாருங்கள். துணிக்கு அந்த விதி இல்லை. சாப்பிட்டுவிட்டுத்தானே பேண்ட் போடுகிறோம்?

பெயர் வேண்டாம் என்றவர்: அளவு கொடுத்த பத்து நாளில் மார்பு இறுக்கமாகிவிட்டது.

மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் சிலருக்கு மார்பு கனத்து வீங்கும். கல்யாணத் தேதி அந்த நாட்களில் வருமா என்று என்னிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே துணி விட்டிருப்பேன், பிரித்துக்கொள்ளலாம்.

செக்கானூரணியிலிருந்து: அக்கா, எனக்குத் தையல் இல்லை. போலீஸ் தேர்வுக்கு 170 செ.மீ. வேண்டும், சாயங்காலம் அளந்தால் 169 வருகிறது.

தம்பி, காலையில் அளந்து பாருங்கள். படுக்கையில் முதுகெலும்பு வட்டுகள் நீர் இழுத்து உப்பும், நின்றால் அமுங்கும். ஒரு நாளில் ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. வரை குறையும், அதில் ஏறக்குறைய பாதி எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும். அதனால் இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து மைதானத்துக்குப் போகாதீர்கள். முந்தின நாளே போய்ப் படுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: அக்கா சொல்வது பாதிதான். என் தம்பி மூணு மாசம் பாரில் தொங்கி ரெண்டு செ.மீ. வளர்ந்தான்.

தொங்கினால் கொஞ்சம் நீளும், நடந்தால் திரும்ப அமுங்கும். தம்பிக்கு என்ன வயது?

உசிலம்பட்டியிலிருந்து: பதினெட்டு. வளர்ந்தது வளர்ந்ததுதான், சுவரில் கோடு இருக்கு.

பதினெட்டில் சிலர் தானாகவே வளர்வார்கள். முதல் கோடு சாயங்காலம் போட்டதா?

உசிலம்பட்டியிலிருந்து: அது ஞாபகமில்லை. ஆனால் பார்தான் காரணம்.

சமயநல்லூரிலிருந்து (ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்): நான் பல பையன்களைத் தயார் செய்திருக்கிறேன். முதுகு கூனி நின்ற பழக்கம் போனாலே ஒரு செ.மீ. கூடும். அதுவும் ஒரு காரணம்.

வாத்தியார் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். செக்கானூரணித் தம்பி, குதிகால், பிட்டம், முதுகு சுவரில் பட நின்று, பார்வை நேராக இருக்க வேண்டும். மோவாயைத் தூக்கினால் உயரம் கூடாது, குறையத்தான் செய்யும். போலீஸ் தேர்வுக்கு மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 86 வர வேண்டும் அல்லவா? தோளைத் தூக்காதீர்கள், டேப் நகர்ந்துவிடும். விலா விரிய வேண்டும்.

பேரையூரிலிருந்து: அக்கா, ஜாக்கெட் அளவு காலையா சாயங்காலமா?

மேலே முதல் பதில்.

அலங்காநல்லூரிலிருந்து: மோதிர அளவு?

ஆசாரியிடம் கேளுங்கள். வெயிலில் நடந்து போய் உடனே விரலை நீட்டாதீர்கள்.

சோழவந்தானிலிருந்து: காலையில் எடுத்த அளவு வரவேற்பு ஜாக்கெட்டுக்கு ஆகுமா?

அம்மா, ஆகாது. சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். டேப்பைப் பார்க்கக் குனியாதீர்கள்.