2030-ல் தேவைப்படும் 10 லட்சம்: எஃப்.டி-யா, டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 30% வரி வரம்பில் இருக்கிறேன். 2029 மார்ச்சில் ஓய்வு, பென்ஷன் கிடையாது. மகளின் மேற்படிப்புக்கு 2030 ஜூனில் பணம் வேண்டும். கையில் இருக்கும் 10 லட்சத்தை எஃப்.டி-யில் போடலாம் என்றிருந்தேன். நண்பர் ஒருவர் "டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டில் போடு, அதே வட்டிதான், வரி குறைவு" என்கிறார். ஆனால் நடுவில் என்.ஏ.வி, அதாவது ஃபண்ட் யூனிட்டின் விலை, இறங்கும் என்கிறார்களே, முதலுக்கே மோசம் வந்துவிடாதா?

பதில்: உங்கள் தேதிக்கு முன்பே முதிர்கிற ஃபண்டை வாங்கி, முதிர்வு வரை கை வைக்காமல் இருந்தால், நடுவில் வரும் இறக்கம் உங்களைப் பாதிக்காது. வரியைப் பற்றி நண்பர் சொன்னது உங்களைப் பொறுத்தவரை தப்பு. ஆனாலும் இந்த ஃபண்ட் உங்களுக்கு லாபம்தான். அந்த லாபம் வருவது அவர் நினைக்கிற வழியில் அல்ல.

முதலில் என்.ஏ.வி பயம். இந்த ஃபண்டுகள் அரசுப் பத்திரங்களையோ, மாநில அரசுகளின் கடன் பத்திரங்களையோ, பொதுத்துறை நிறுவனங்களின் பத்திரங்களையோ வாங்கி வைத்திருக்கும். எல்லாமே ஒரு குறிப்பிட்ட தேதியை ஒட்டி முதிர்பவை. ஃபண்ட் மேனேஜர் தன் இஷ்டத்துக்கு வாங்கி விற்க முடியாது. ஒரு இண்டெக்ஸில் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். 2019 டிசம்பரில் வந்த பாரத் பாண்டு இ.டி.எஃப்-பிலிருந்துதான் இவை நம் ஊரில் பரவலாயின. அதில் ஏப்ரல் 2030-ல் முதிர்கிற திட்டம் ஒன்று உண்டு. உங்கள் ஜூன் மாதத் தேவைக்கு அது பொருந்தும். இ.டி.எஃப் வாங்க டீமேட் கணக்கு வேண்டும்; அது இல்லாதவர்களுக்கு, அந்த இ.டி.எஃப்-பையே வாங்கி வைத்திருக்கும் ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் வடிவிலும் அதே திட்டம் இருக்கிறது.

ஒரு பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 100 ரூபாய் பத்திரம், வருஷத்துக்கு 7 ரூபாய் வட்டி, முதிர்வுக்கு 4 வருஷம் இருக்கிறது. நீங்கள் வாங்கிய மறுநாளே சந்தை வட்டி 8 சதவீதமாக ஏறிவிட்டது என்று வையுங்கள். புதிதாக வருபவருக்கு 8 கிடைக்கும்போது உங்கள் 7 ரூபாய் பத்திரத்தை யாரும் 100 கொடுத்து வாங்க மாட்டார்கள். அதன் விலை ஏறக்குறைய 96 ரூபாய் 70 பைசாவாக இறங்கும். என்.ஏ.வி-யில் தெரிகிற இறக்கம் இதுதான். ஆனால் பத்திரம் வெளியிட்ட நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டியதில் ஒரு பைசாகூடக் குறையவில்லை. வருஷா வருஷம் அதே 7 வரும், கடைசியில் முழு 100 வரும். முதிர்வு நெருங்க நெருங்க 96.70 தானாக 100-ஐ நோக்கி ஏறும். நடுவில் வரும் வட்டியை ஃபண்ட் மறுபடி 8 சதவீதத்தில் போடும் என்பதால், நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடவே வரலாம்.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியபோது நடந்தது இதேதான். அப்போது என்.ஏ.வி இறங்கியதைப் பார்த்துப் பயந்து விற்றவர்களுக்கு நஷ்டம் கையில் நின்றது. முதிர்வு வரை பொறுத்தவர்களுக்கு அது கணக்கு அறிக்கையில் வந்துபோன ஓர் எண். ஆகவே 2030-க்கு முன் இந்தப் பணத்தில் ஒரு பகுதி தேவைப்படும் என்று துளி சந்தேகம் இருந்தாலும், அந்தப் பகுதியை எஃப்.டி-யிலேயே வையுங்கள்.

இனி வரி. உங்கள் நண்பர் 2023-க்கு முன்பு வாங்கியிருக்க வேண்டும், அதனால்தான் அப்படிப் பேசுகிறார். அந்தக் காலத்தில் மூன்று வருஷம் வைத்திருந்தால் பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் வரி கட்டினால் போதும். 2023 மார்ச் 24 அன்று நிதி மசோதாவில் கடைசி நேரத் திருத்தமாகச் சேர்த்து, ஏப்ரல் 1 முதல் வாங்கும் யூனிட்டுகளுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். இத்தனை பேரின் சேமிப்பைத் தொடுகிற மாற்றத்துக்கு மக்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரே வாரம். பட்ஜெட் உரையில் ஒரு வார்த்தை வரவில்லை. நீண்ட காலத்துக்குத் திட்டமிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே விதியை இப்படி மாற்றினால், சாமானியன் எதை நம்பித் திட்டமிடுவான்?

இப்போது நீங்கள் வாங்கினால், எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரம்பின்படி வரி. எஃப்.டி வட்டிக்கும் அதே விகிதம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: எஃப்.டி வட்டிக்கு, அது கைக்கு வராவிட்டாலும், வருஷா வருஷம் வரி. ஃபண்டில் பணம் திரும்பும் வருஷத்தில் மட்டும் வரி.

இதைக் கணக்கில் பார்ப்போம். 2026 ஏப்ரலில் 10 லட்சம் போடுகிறீர்கள், இரண்டிலும் செலவு போக வருஷத்துக்கு 6.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2030 ஏப்ரலில் ஃபண்டில் 12,91,300 ரூபாய் இருக்கும். அப்போதும் நீங்கள் 30% வரம்பிலேயே இருந்தால், செஸ் சேர்த்து 31.2 சதவீதம் வரி போக மிஞ்சுவது சுமார் 12,00,400. எஃப்.டி-யில் ஒவ்வொரு வருஷ வரியையும் அந்த வட்டியிலிருந்தே கட்டினால் மிஞ்சுவது சுமார் 11,94,400. நான்கு வருஷம் முடிந்து வித்தியாசம் ஆறாயிரம் ரூபாய்! உங்கள் வங்கி கால் சதவீதம் வட்டி கூடத் தந்தால் அதுவும் போய்விடும். வேலையில் தொடரப் போகிறவர் என்னைக் கேட்டிருந்தால், எந்தப் பக்கம் வட்டி அதிகமோ அங்கே போடுங்கள், வரியை யோசிக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் 2029 மார்ச்சில் ஓய்வு பெறுகிறீர்கள். பணம் திரும்பும் 2030 ஏப்ரலில் சம்பளம் இல்லை, பென்ஷனும் இல்லை. இப்போதுள்ள விதிப்படி புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி வராது. இந்த ஃபண்ட் லாபம் சாதாரண விகிதத்தில் வரும் வருமானம் என்பதால் அந்த வரம்புக்குள் அடங்கும். ஆக 2,91,300 லாபத்துக்கு வரி இல்லாமல் போகலாம். எஃப்.டி-யிலோ வேலையில் இருக்கும் மூன்று வருஷத்துக்கும் 31.2 சதவீதம் கட்டியே தீர வேண்டும். கடைசி வருஷம் வரி இல்லை என்றாலும் மிஞ்சுவது சுமார் 12,17,900. வித்தியாசம் 73 ஆயிரத்துக்கு மேல். உங்களுக்கு ஃபண்ட் லாபம் என்று சொன்னது இதனால்தான். பி.எஃப் பணத்தை வைத்து வரும் வட்டியும் அந்த 12 லட்சத்துக்குள்தான் கணக்காகும், அதை மறக்காதீர்கள்.

நண்பரிடமும் ஒன்று சொல்லுங்கள், ஏனென்றால் அவரைப் போன்றவர்களைத்தான் இப்போது குறிவைக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய யூனிட்டுகளுக்குப் பழைய தகுதி முழுதாகப் போய்விடவில்லை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து இப்போது விற்றால், பணவீக்கக் கழிவு இல்லாமல் 12.5 சதவீதம் வரி. 30% வரம்பில் இருப்பவருக்கு அது பெரிய சலுகை. இந்தத் தகுதி யூனிட்டுக்கு யூனிட் தனித்தனியாகப் பார்க்கப்படும். எஸ்.ஐ.பி-யாகப் போட்டிருந்தால் 2023 மார்ச் வரை வாங்கிய தவணைகளுக்கு 12.5; ஏப்ரலிலிருந்து வாங்கியவற்றுக்கு அவரவர் வரம்பு. விற்கும்போது பழைய யூனிட்தான் முதலில் போகும். ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு 'ஸ்விட்ச்' செய்தாலும் அது விற்று வாங்கியதாகவே கணக்கு. அந்த நாளிலேயே வரி வரும், புதிய யூனிட் புதிய விதிக்குள் போய்விடும். அதே திட்டத்தில் ஏஜென்ட் கமிஷன் உள்ள ரெகுலரிலிருந்து கமிஷன் இல்லாத டைரக்டுக்கு மாறினாலும் இப்படித்தான். "சார், இது பழைய ஃபண்ட், இதைவிட நல்லது வந்திருக்கிறது" என்று போன் செய்கிற ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு ஸ்விட்ச் என்றால் புது வியாபாரம்.

வாங்கும்போது உங்களையும் மூன்று இடத்தில் வளைக்கப் பார்ப்பார்கள். ஒன்று, கடந்த ஒரு வருஷ வருமானத்தைக் காட்டி ஆசை காட்டுவது. வட்டி விகிதம் இறங்கிய வருஷத்தில் இந்த ஃபண்டுகள் அள்ளிக் கொடுத்தது போலத் தெரியும். அது உங்களுக்குக் கிடைக்கப் போவதல்ல. ஃபண்டின் மாத அறிக்கையில் YTM என்று ஓர் எண் இருக்கும்; பத்திரங்களை முதிர்வு வரை வைத்திருந்தால் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வரும் என்பதைக் காட்டுவது அது. அதிலிருந்து செலவு விகிதத்தைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது. அதுவும் உத்தரவாதம் இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். சேமிப்பாளர் முதலில் பார்க்க வேண்டிய இந்த எண்ணை ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, பழைய வருமானத்தைப் பெரிதாகப் போடுகிற வழக்கத்தை இன்னும் எத்தனை காலம் அனுமதிப்பார்களோ தெரியவில்லை.

இரண்டு, "2037 ஃபண்டில் வட்டி கூட இருக்கிறது" என்று நீண்ட தேதியைத் தள்ளுவது. 2030-ல் பணம் தேவைப்படுகிறவருக்கு அது உதவாது. அன்றைக்குச் சந்தை வட்டி ஏறியிருந்தால், இன்னும் ஏழு வருஷம் ஓட வேண்டிய பத்திரங்களை இறங்கிய விலைக்கு விற்க வேண்டிவரும்.

மூன்று, வங்கிக்குள்ளேயே நடப்பது. டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்ட் வேண்டும் என்று போய், பத்து வருஷம் பிரீமியம் கட்டுகிற இன்ஷூரன்ஸ் பாலிசியோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கவுன்டரில் கேட்காதீர்கள். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கே.ஒய்.சி முடித்து, திட்டப் பெயரில் Direct Plan – Growth என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பிறகு வரும் அறிக்கையில் ஏஜென்டின் பதிவு எண்ணுக்கான ARN என்ற இடத்தில் ஏதாவது எண் இருந்தால், உங்கள் பணத்திலிருந்து யாருக்கோ கமிஷன் போகிறது என்று பொருள்.

பாதுகாப்பு பற்றியும் தெளிவாக இருங்கள். வங்கி மூழ்கினால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. ஃபண்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பாரத் பாண்டு திட்டங்களில் இருப்பவை ட்ரிபிள் ஏ தரம் பெற்ற பொதுத்துறை நிறுவனப் பத்திரங்கள், அரசு நேரடியாக உத்தரவாதம் தந்தவை அல்ல. அது உறுத்தினால், 2030 ஜூனுக்கு முன் முதிர்கிற, அரசுப் பத்திரங்களையும் மாநிலக் கடன் பத்திரங்களையும் மட்டும் வைத்திருக்கும் ஃபண்டைத் தேடுங்கள். YTM சற்றுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

முதிர்வு அன்று நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பதிவான வங்கிக் கணக்குக்குப் பணம் தானாக வரும். வேலை மாறும்போது பலர் சம்பளக் கணக்கை மூடிவிட்டு ஃபண்டில் அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். நீங்கள் ஓய்வு பெறும் மாதத்திலேயே புதிய கணக்கு எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள்.