ஆப்பில் 6 லட்சம் காட்டுகிறது, அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: சார், திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கறனுங்க. பேங்க்ல மாசம் 36,000 சம்பளம் ஏறுது. ஆப்புல "பிரீ-அப்ரூவ்டு லோன் 6 லட்சம்"னு காட்டுது. அதை நம்பி பழைய ஓவர்லாக், பிளாட்லாக் மெஷினுக்கு விலை பேசி வெச்சிருக்கறேன். நாளைக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கேக்கறாங்க, மீதி பதினஞ்சு நாள்ல. கொடுக்கலாமுங்களா? தெரிஞ்சவர் ஒருத்தர் 5,000 குடுத்தா லோனைப் பாஸ் பண்ணித் தர்றேங்கறார்.

பதில்:

நாளைக்குக் கொடுக்காதீர்கள். கடன் பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு கொடுங்கள். மெஷின்காரர் அதற்குள் வேறு ஆளுக்கு விற்றுவிட்டால் விற்கட்டும். பழைய ஓவர்லாக் திருப்பூரில் இன்னொன்று கிடைக்கும். கை மாறிய ஒரு லட்சத்தைத் திரும்ப வாங்குவதுதான் சிரமம்.

அந்த 6 லட்சம் எப்படி வந்தது என்று தெரிந்தால் காரணம் புரியும். வங்கியில் யாரும் உட்கார்ந்து உங்கள் பெயரை எடுத்து ஒப்புதல் போடவில்லை. சம்பளம் ஒழுங்காக ஏறுகிறதா, செக் ஏதும் திரும்பியதா, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தில் உங்கள் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் மொத்தமாகச் சலித்து ஒரு பட்டியல் எடுக்கிறது. பட்டியலில் வந்தவர்களுக்கெல்லாம் ஆப்பில் ஒரு தொகை காட்டப்படுகிறது. பட்டியல் எடுத்த நாளில் நீங்கள் தகுதியாக இருந்தீர்கள் என்பதுதான் அதன் பொருள். இன்றைக்கும் தகுதியாக இருக்கிறீர்களா என்பதை, நீங்கள் விண்ணப்பிக்கும்போதுதான் பார்க்கிறார்கள். "அப்ரூவ்டு" என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, "வங்கியின் இறுதி முடிவுக்கு உட்பட்டது" என்பதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் கீழே போடுகிறார்கள். கடன் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான், எனக்கே அதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. படிக்கிறவர் ஒப்புதல் என்றால் ஒப்புதல் என்றுதானே எடுத்துக்கொள்வார்?

நீங்கள் "அப்ளை" என்று அழுத்தி, கடன் அறிக்கையைப் பார்க்கச் சம்மதம் கொடுத்ததும் அறிக்கையைப் புதிதாக எடுப்பார்கள். நடுவில் ஏதாவது மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். உங்கள் சம்பளத்தையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். வங்கிக்கு வங்கி இது கொஞ்சம் மாறும். பாதி என்றால் 18,000. பைக் தவணை 3,100 இருப்பதாக வைத்துக்கொண்டால் மீதி 14,900. 14 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு 6 லட்சம் வாங்கினால் தவணை சுமார் 13,960 வரும். சரியாக அடங்குகிறது, அதனால்தான் பட்டியலில் 6 லட்சம். இப்போது நடுவில் ஒரு ஃபிரிட்ஜும் போனும் தவணையில் வாங்கி, மாசம் 2,600 ஏறியிருக்கிறது என்று வையுங்கள். மீதி 12,300தான். அதற்குக் கிடைக்கும் கடன் சுமார் 5.28 லட்சம். வங்கி உங்களை ஏமாற்றவில்லை, ஆனால் முக்கால் லட்சம் குறைந்துவிட்டது. மீதி பதினைந்து நாளில் என்று மெஷின்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தால் அந்த முக்கால் லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? மீட்டர் வட்டிக்காரரிடம்தான்.

நம் பக்கத்துக்கு என்றே ஒரு விஷயம் உண்டு, அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஜாமீன் கையெழுத்து. மச்சான் டிராக்டர் வாங்கினார், பங்காளி தறிக்கு லோன் எடுத்தார், "சும்மா ஒரு கையெழுத்துங்க" என்றார்கள், போட்டோம். மறுத்தால் விசேஷத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடன் உங்கள் கடன் அறிக்கையிலும் ஜாமீன்தாரர் என்று பதிவாகிறது. மச்சான் மாசா மாசம் ஒழுங்காகக் கட்டினால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. சில வங்கிகள் அப்போதும் அந்தத் தவணையில் ஒரு பகுதியை உங்கள் சுமையாக எடுத்துக்கொள்ளும். அவர் தவணை தப்பவிட்டாலோ, அது உங்கள் பெயரிலும் நிலுவையாகத் தெரியும். பல சமயம் உங்களுக்கு யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டார்கள். கூட்டாக வாங்கிய கடன் இன்னும் கடுமை, முழுத் தவணையும் உங்கள் தலையில்தான். பெருந்துறைப் பக்கம் ஒருவர், தன் பெயரில் ஒரு ரூபாய் கடன் இல்லாதவர். ஆப்பில் காட்டியதை நம்பிக் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார். கடன் நிராகரிக்கப்பட்ட பிறகுதான், தங்கை மாப்பிள்ளையின் தவணை மூன்று மாசமாக நிற்பது அவருக்குத் தெரிந்தது. ஆகவே அப்ளை செய்வதற்கு முன்னால் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் உங்களுடையதைப் பார்ப்பதால், ஸ்கோர் என்று சொல்லும் உங்கள் கடன் மதிப்பெண் குறையாது.

கடன் அறிக்கை சரியாக இருந்தாலும் பெயரில் சிக்கும். ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் விரித்து, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். பான், ஆதாரோடு இணைக்காமல் கிடந்தாலும் அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று, சம்பளத்தில் ஒரு பங்கைக் கையில் வாங்குகிறீர்கள் என்றால் அது கணக்கில் வராது. கம்பெனி மாறிய மாசமும் அப்படியே, புதுச் சம்பளம் இரண்டு மூன்று தடவை ஏறும் வரை பல வங்கிகள் காத்திருக்கச் சொல்லும்.

இப்போது அந்தத் தெரிந்தவர். அவருக்கு ஐந்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆப்பில் காட்டும் சலுகை உங்கள் வாடிக்கையாளர் எண்ணோடு கட்டப்பட்டது. உங்கள் போனில், உங்கள் ஓடிபியில்தான் அது முடியும். நடுவில் ஒருவர் பாஸ் பண்ணுவதற்கு அங்கே வேலையே இல்லை. கடன் தானாகக் கிடைத்தால் "நான் சொல்லித்தான் கிடைத்தது" என்பார். கிடைக்காவிட்டால் உங்கள் 5,000 போனதுதான்.

அந்த 5,000-ஐவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் உங்கள் பான், ஆதார், சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு, "எதுக்கும் நாலு இடத்துல போட்டு வெக்கலாம்" என்று நாலைந்து வங்கியிலும் ஃபைனான்ஸ் கம்பெனியிலும் உங்கள் பெயரில் விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும். ஒரே வாரத்தில் ஐந்து விசாரணை என்றால், இவர் பணத்துக்கு அலைகிறார் என்று அர்த்தம் செய்துகொள்வார்கள். மதிப்பெண் இறங்கும். ஆப்பில் உங்களுக்கு நியாயமாக வர வேண்டிய கடனே அதனால் தடைபட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஓடிபி கேட்டால், போன் திரையைப் பகிரச் சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆக, எதை நம்புவது? ஒரு தாள் இருக்கிறது. ஆங்கிலத்தில் Key Fact Statement என்று திரையில் வரும், சுருக்கமாக KFS. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் தனிநபர் கடன்களுக்கு இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டி, கட்டணம், தவணை, எல்லாம் சேர்ந்த வருடாந்தரச் செலவு விகிதம், இத்தனையும் அதில் இருக்கும். உங்கள் மாதிரிக் கடனுக்கு அதைப் படித்து முடிவு செய்யக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும். அதற்குள் நீங்கள் ஒப்புக்கொண்டால் அதில் எழுதிய நிபந்தனைகளுக்கு வங்கி கட்டுப்பட்டது. ஆப்பில் மின்னும் 6 லட்சத்துக்கு இந்தப் பலம் கிடையாது.

அந்தத் தாளில், கையில் வரும் தொகை எவ்வளவு என்று பாருங்கள். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 12,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,160. ஆக 14,160 பிடித்துக்கொண்டு 5,85,840தான் ஏறும். தவணை மட்டும் முழு 6 லட்சத்துக்குக் கட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் என்று ஒரு கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருக்கலாம். வேண்டாம் என்றால் அதை எடுத்துவிட்டு மேலே போங்கள். பத்து நொடியில் கடன் என்று விளம்பரம் செய்வதே, இதையெல்லாம் பார்க்க விடாமல் நம்மை ஓட்டுகிறது.

கடன் ஏறிய பிறகு மெஷின் பேரம் கலைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஆப் வழியாக வாங்கிய கடனுக்கு, திருப்பிக் கொடுத்துவிட்டு விலக ஒரு அவகாசம் உண்டு. குறைந்தது ஒரு நாள். உங்கள் வங்கி எத்தனை நாள் தருகிறது என்று அந்தத் தாளிலேயே இருக்கும். அந்த நாட்களுக்குள் அசலையும், வைத்திருந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டினால் அபராதம் கிடையாது. வங்கி அந்தத் தாளில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் செயலாக்கக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் "உள் கொள்கைப்படி இயலவில்லை" என்று ஒரு வரி வரும். கிளைக்குப் போனால் "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சுங்க" என்பார்கள். சிஸ்டத்தை யாரோ ஒருவர்தானே எழுதினார்? கடனை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதைக் கிளைக்கு எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளருக்குப் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. காரணம் தெரியும் வரை இன்னொரு வங்கியில் விண்ணப்பிக்க வேண்டாம்.

மெஷின்காரரிடம் நாளைக்கு இப்படிச் சொல்லுங்கள்: "லோன் ஏறட்டுங்க, அன்னைக்கே முழுசா குடுத்தர்றேன்." அவர் பிடிவாதமாக இருந்தால் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ டோக்கன் கொடுத்து, கடன் வராவிட்டால் அது திரும்ப வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாதவரிடம் மெஷின் வாங்க வேண்டாம்.