முதலில் தட்டுங்கள், பிறகு அடியுங்கள்

கேள்வி: ஆங்கில உச்சரிப்பு ஒர்க்‌ஷீட்டில் எந்த அசைக்கு அழுத்தம் என்று குறிக்கச் சொல்கிறார்கள், சைலன்ட் லெட்டரை அடிக்கவும் சொல்கிறார்கள். இரண்டையும் குத்துமதிப்பாகத்தான் போடுகிறேன், பாதி தப்பாகிறது. ஏதாவது முறை இருக்கிறதா?

இருக்கிறது. அழுத்தத்தை முதலில் குறியுங்கள், சைலன்ட் லெட்டரை அப்புறம் தேடுங்கள். நான் பல வருடங்களாக இந்தத் தாள்களைத் திருத்துகிறேன். அதிகம் பார்க்கும் தவறு, அழுத்தம் இல்லாததால் மங்கிப்போன உயிரொலியைச் சைலன்ட் என்று நினைத்து அடித்துவிடுவதுதான்.

'கண்டெம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்டனம் செய்வது என்று பொருள். எழுத்துகள் சி, ஓ, என், டி, இ, எம், என். ஒரு மாணவி இதில் முதலில் வரும் ஓ, கடைசி என் இரண்டையுமே அடித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "ரெண்டுமே காதுல விழலையே சார்" என்றாள். உண்மையில் விழாதது ஒன்றுதான்.

சொல்லைச் சொல்லிக்கொண்டே மேசையில் தட்டிப் பாருங்கள். 'கன்-டெம்', இரண்டு தட்டு. எழுத்தை அடித்துவிட்டால் ஒரு தட்டு குறையுமா என்று கேளுங்கள். ஓவை எடுத்துவிட்டால் முதல் தட்டுக்கு உயிரே இல்லை. ஆகவே அது சைலன்ட் அல்ல, தேய்ந்த ஒலி. இதை ஷ்வா என்பார்கள். நமக்கு இது புதிதல்ல. 'நடு' என்று சொல்லிப் பாருங்கள், 'நாடு' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் கடைசி உகரம் அரை மாத்திரைக்குக் குறுகிவிடுகிறது. அதைக் குற்றியலுகரம் என்கிறோமே தவிர, உகரமே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசையில் பெரும்பாலும் நடப்பது இதைப் போன்ற ஒரு தேய்வுதான். எந்த உயிர் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் அழுத்தம் அங்கே இல்லை என்பது உறுதி. 'கண்டெம்'மில் மிச்சம் ஒரே அசை, 'டெம்'. அழுத்தம் அதன்மேல்.

இப்போது கடைசி என். மெய்யெழுத்துக்குத் தட்டு உதவாது, அதற்குச் சொந்தக்காரச் சொல்லைக் கூப்பிட வேண்டும். கண்டனம் என்ற பெயர்ச்சொல் 'கான்-டெம்-நே-ஷன்'. நான்கு தட்டு, முக்கிய அழுத்தம் மூன்றாவதில். அதில் என் நன்றாகவே ஒலிக்கிறது. ஆங்கிலச் சொல்லின் கடைசியில் எம், என் இரண்டும் சேர்ந்து ஒலிக்க முடியாது, அதனால் என் வாயடைத்து நின்றது. பின்னொட்டு வந்ததும் அது அடுத்த அசைக்கு முதலாகிப் பேசத் தொடங்கிவிட்டது. கூடவே ஓவையும் கவனியுங்கள். தேய்ந்திருந்தது இங்கே முழு உயிராகத் திரும்பியிருக்கிறது, அந்த அசைக்கு இரண்டாம் நிலை அழுத்தம் கிடைத்ததால். ஒரே சொல் இணையில் இரண்டு பாடமும் இருப்பதால் எனக்கு இந்த உதாரணம் மிகவும் பிடிக்கும்.

'சைன்' - 'சிக்னேச்சர்' (ஜி), 'மஸில்' - 'மஸ்குலர்' (சி), 'பாம்' - 'பம்பார்ட்' (இரண்டாவது பி) எல்லாம் இதே வகை. ஆனால் எல்லாப் பின்னொட்டுக்கும் இது நடக்காது. 'சைனிங்', 'பாமிங்' என்று 'இங்' சேர்த்தால் எழுத்து மௌனமாகவேதான் இருக்கும். சில சொற்களுக்கு உறவே கிடையாது. 'நீ' என்று முழங்காலைச் சொல்லும்போது முன்னால் நிற்கும் கே முன்பு ஒலித்து, பின்னர் வழக்கொழிந்தது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சொல்லில் எஸ் எந்தக் காலத்திலும் ஒலித்ததில்லை, வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு எழுத்தில் நுழைத்துவிட்டார்கள். இவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

தட்டும் முறை தடுமாறும் இடமும் உண்டு. 'கம்ஃபர்டபிள்' என்பதை எழுத்தைப் பார்த்துத் தட்டினால் நான்கு. பலரும் பேசுவது 'கம்ஃப்-ட-பிள்', மூன்று. இங்கே ஓர் உயிர் தேய்ந்து தேய்ந்து விழுந்தே போய்விட்டது. அகராதிகள் இரண்டையும் தருகின்றன, அதனால் நான் இரண்டு விடைக்கும் மதிப்பெண் போடுவேன்.

அகராதியில் சரிபார்க்கும்போது ஒன்றைப் பாருங்கள். உச்சரிப்புக் குறிப்பில் மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோடு, அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் வரும். அது முடிந்த அசையைக் குறிக்கிறது என்று படித்து, 'கண்டெம்'முக்கு முதல் அசையில் குறி போட்டு வருபவர்கள் நிறைய. கீழே வரும் கோடு இரண்டாம் நிலை அழுத்தம்.

'ரெக்கார்ட்' போன்ற சொல்லைத் தனியாகக் கொடுத்து அழுத்தம் கேட்டால் மட்டும் ஊகிக்காதீர்கள். பெயர்ச்சொல்லானால் முதல் அசை, வினைச்சொல்லானால் இரண்டாவது. வாக்கியம் தராத ஒர்க்‌ஷீட்டில் இரண்டையும் எழுதி, பக்கத்தில் பெயர், வினை என்று குறித்துவிடுங்கள்.