யோசனை சொல்வதா, கேட்டுக்கொண்டிருப்பதா?

கேள்வி: தோழி மனசு விட்டுப் பேசும்போது நான் வழி சொன்னால் எரிச்சலாகிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவள் நேற்றைப் பற்றிப் பேசுகிறாளா, நாளையைப் பற்றியா என்று கவனியுங்கள். "எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டார்" என்று நடந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னால், மனசளவில் இன்னும் திட்டு வாங்கிய இடத்தில்தான் நிற்கிறாள். "நாளைக்கு அவர்கிட்ட எப்படிப் பேசறது?" என்று கேட்டால் யோசனை சொல்லலாம்.

இதே மாதிரி எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கிய ஒரு நண்பனிடம் நான் சொதப்பினேன். "மேலதிகாரிக்கு மெயில் போடு" என்றேன். "போடலாம், ஆனா பகைச்சுக்குவார்." "வேற டீமுக்கு மாறிடு." "ஆனா அங்க இடமில்லை." இரண்டு 'ஆனா' வந்ததுமே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அது பிடிவாதமில்லை, அந்த வழிகளையெல்லாம் அவன் முந்தின இரவே யோசித்து முடித்திருந்தான்.

அப்புறம், "எல்லார் முன்னாடியும் சொன்னதுதான் குத்துதா?" என்று கேட்டேன். "இல்ல, கூட இருந்த யாருமே எனக்காகப் பேசலை" என்றான். என் ஊகம் தப்புதான், ஆனால் அதைத் திருத்தும்போதுதான் உண்மையான வலி வெளியே வந்தது. "எனக்கும் இப்படித்தான் ஒருதரம்..." என்று ஆரம்பித்திருந்தால் பேச்சு என் பக்கம் திரும்பியிருக்கும்.

குழப்பமாக இருந்தால், அழுகை அடங்கியபின் நேராகவே கேட்கலாம்: "கேட்டுட்டே இருக்கட்டுமா, சேர்ந்து யோசிக்கலாமா?"

ஒரே விதிவிலக்கு: உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேசினால் கேட்பது மட்டும் போதாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.