வெட்பாலைக்கு வெயில், கரிசாலைக்கு அடுப்பு

எங்கள் அப்பத்தா வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு முற்றத்து வெயிலில் வைப்பார்கள். நாலைந்து நாளில் எண்ணெய் ஊதாவாகிவிடும். நான் அவசரத்துக்கு அடுப்பில் காய்ச்சினேன், பச்சையாகவே நின்றுவிட்டது. வெயில்தான் நல்லது போல என்று கரிசலாங்கண்ணியை அரைத்து எண்ணெயில் கலந்து வெயிலில் வைத்தேன். ஐந்தாம் நாள் புளித்த வாடை, மேலே பூஞ்சை. எதை வெயிலில் வைப்பது, எதை அடுப்பில் ஏற்றுவது? (காரைக்குடி வாசகி)

இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எந்த மூலிகையை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூலிகையோடு எவ்வளவு தண்ணீர் எண்ணெய்க்குள் போகிறது? அதிலிருந்து நாம் எதிர்பார்க்கும் சத்து சூட்டைத் தாங்குமா? கரிசாலையில் உங்களைக் கவிழ்த்தது முதல் கேள்வி, வெட்பாலையில் இரண்டாவது.

வெட்பாலை நெசவுச் சாயத்துக்கும் உறவுள்ள மரம். அவுரியில் இருக்கும் நீலச் சாயத்தின் மூலப்பொருள் இதன் இலையிலும் உண்டு. பறித்த இலையில் அது நிறமில்லாமல்தான் இருக்கும். இலையைக் கிழித்ததும் அதிலேயே இருக்கும் நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. காற்றும் சேரும்போது நீலமும் சிவப்புமான சாயங்கள் உண்டாகி மெல்ல எண்ணெயில் இறங்குகின்றன. நாம் பார்க்கும் ஊதா அதுதான். இந்த வேலைக்கு இளஞ்சூடும் நேரமும் வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நொதி சில நிமிடங்களில் செத்துவிடும். இலையின் பச்சையம் மட்டும் எண்ணெயில் கரையும். உங்கள் எண்ணெய் பச்சையாக நின்றது இதனால்தான். அதை இனிமேல் வெயிலில் வைத்தாலும் ஊதா வராது.

முதலில் மரம் சரியானதா என்று பாருங்கள். குடசப்பாலையும் இதே சாயலில் இருப்பதால் பெயரும் இலையும் குழம்பும். வெட்பாலைக் காய்கள் குச்சிபோல நீண்டு, இரட்டையாகத் தொங்கும். பச்சைக் காயாக இருக்கும்போது இரண்டின் நுனியும் ஒட்டியிருக்கும். குடசப்பாலையில் நுனிகள் ஒட்டுவதில்லை. காம்பைக் கிள்ளினால் இரண்டிலும் பால் வரும் என்பதால் பாலை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். (கர்நாடகத்துச் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளைக் கடைவது இந்த வெட்பாலை மரத்தில்தான்.)

250 கிராம் இலைக்கு அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய் சரியாக இருக்கும். முற்றிய, ஆனால் மஞ்சள் விழாத இலையாகப் பாருங்கள். காலையில் பனி காய்ந்த பிறகு பறியுங்கள். கழுவ வேண்டியிருந்தால் கழுவிவிட்டுத் துணியில் பரப்பி, மேலே ஒரு சொட்டு ஈரமும் இல்லாதவரை நிழலில் விடுங்கள். இலை வாடிச் சுருங்கும் வரை விட்டுவிடக் கூடாது. காய்ந்த இலையில் நிறம் சரியாக இறங்காது. பிறகு கையால் கிள்ளிப் போடுங்கள். இரும்புக் கத்தி வேண்டாம் என்பது மரபு, அதையே பின்பற்றலாம். வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் இலையை அழுத்தி, இலைக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும்படி எண்ணெய் ஊற்றுங்கள். மூடி போடாமல் மெல்லிய வெள்ளைத் துணியை வாயில் கட்டுங்கள்.

மூடி போடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பச்சை இலையில் இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே வரும். மூடி இருந்தால் அது அங்கேயே துளியாகி மறுபடி எண்ணெயில் சொட்டும். துணி என்றால் வெளியே போய்விடும். காலை பத்து மணிக்கு முற்றத்தில் வைத்து, மூன்று மூன்றரைக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். இரவில் முற்றத்தில் விட்டால் பனி இறங்கும். தினம் ஒருமுறை ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறி, மிதக்கும் இலையை உள்ளே அமுக்குங்கள். எண்ணெய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலையில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

முதல் இரண்டு நாளில் பழுப்பும் சிவப்புமாக ஒரு மங்கல் தெரியும். அதற்குப் பிறகு கருத்துக்கொண்டே போய், ஐந்தாம் நாளுக்குள் வெளிச்சத்தில் பிடித்தால் ஆழ்ந்த ஊதாவாக இருக்க வேண்டும். ஏழு நாளைத் தாண்ட வேண்டாம். இலையின் பச்சையமும் வெயில் வெளிச்சமும் சேர்ந்தால் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். தேங்காய் எண்ணெய் இதை ஓரளவு தாங்கும். கடலை எண்ணெயைப் பச்சிலையோடு வெயிலில் வைத்தால் வெகு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வடிகட்டிய எண்ணெயை ஓர் இரவு அசைக்காமல் வைத்து, அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் மேலெண்ணெயை மட்டும் சாய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இருபது நிமிடம் வைத்துச் சூடாக்கினால் மிச்ச ஈரமும் போகும். நிறம் உண்டான பிறகு இந்தச் சூடு அதைக் கெடுக்காது.

சொரியாசிஸ் என்னும் காளாஞ்சகப்படைக்கு இந்த எண்ணெயைச் சித்த மருத்துவத்தில் மேலே பூசுகிறார்கள். அதற்காகச் செய்கிறீர்கள் என்றால் சித்த மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே எடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். வெடித்து ரத்தம் கசியும் இடத்தில் பூச வேண்டாம். தலையணை உறையில் பட்டால் கறை லேசில் போகாது.

இனி கரிசாலை. அரைத்த கரிசாலை என்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான். தண்ணீர் எண்ணெயில் கரையாது. அடியில் தங்கி, அரைத்த விழுதைச் சாப்பாடாக வைத்துக்கொண்டு, முற்றத்து இளஞ்சூட்டில் கிருமிகளை வளர்க்கும். மாவு புளிப்பதற்கு ஏற்ற சூழல் எதுவோ அதையே ஜாடிக்குள் உண்டாக்கியிருக்கிறீர்கள். அந்த எண்ணெயைக் காய்ச்சிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காமல் கொட்டிவிடுங்கள். சூடு பூஞ்சையைக் கொல்லும்; அது ஏற்கெனவே எண்ணெயில் விட்டுவைத்த நஞ்சையும் கெட்ட வாடையையும் எடுக்காது.

இதற்கு அடுப்புதான் வழி. அரை லிட்டர் நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ ஒரு லிட்டர் கரிசாலைச் சாறு போதும். எண்ணெயைப்போல் நாலு மடங்கு சாறு விடும் பழைய முறையும் உண்டு, அதற்கு அரை நாள் அடுப்படியில் நிற்க வேண்டும். கீரையைக் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அரைத்துப் பிழியுங்கள். அடி கனமான, எண்ணெயும் சாறும் சேர்ந்து பாதிக்கு மேல் வராத அளவுள்ள பாத்திரம் வேண்டும், ஏனென்றால் பொங்கும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் எண்ணெய் இன்னும் கருக்கும். தலைக்குத் தேய்க்க அது குறையாகாது.

சிறு தீயில் வையுங்கள். சாற்றில் தண்ணீர் இருக்கும்வரை கலவையின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் கருகாது. ஆபத்து தண்ணீர் வற்றிய கணத்தில் தொடங்குகிறது. தடுக்க ஈரம் இல்லாததால் எண்ணெயின் சூடு கிடுகிடுவென்று ஏறும். ஐந்து நிமிடம் கண் அசந்தால் வண்டல் கருகிவிடும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் வேறு வேலை பார்க்கலாம், கடைசிக் கால் மணி நேரம் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

வற்றியதை மூன்று வழியில் அறியலாம். கொதிப்பின் சலசலப்பு அடங்கும். அடி வண்டலைக் கொஞ்சம் கரண்டியில் எடுத்து ஆறவிட்டு விரலில் உருட்டினால், சேறுபோல் ஒட்டுவது ஈரம் இருப்பதைக் காட்டும்; மெழுகுபோல் உருண்டால் நெருங்கிவிட்டது; மணல்போல் நறநறத்தால் வற்றிவிட்டது, உடனே இறக்குங்கள். சந்தேகம் இருந்தால் பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து, அடுப்பிலிருந்து தள்ளிப்போய்க் கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் பதம் சரி. இறக்கிய பின்னும் சட்டியின் சூட்டில் வேகும் என்பதால் உடனே வேறு பாத்திரத்துக்கு வடித்துவிடுங்கள்.

செம்பருத்தி இலை, சோற்றுக்கற்றாழை, பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மருதாணி எல்லாம் இந்த அடுப்புக் கட்சிதான். கற்றாழையும் செம்பருத்தியும் கொழகொழப்புக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெகுநேரம் ஆகும், நன்றாகத் தெறிக்கவும் செய்யும்.

ஆனால் இதே கரிசாலையையும் மருதாணியையும் அரைத்து, சின்ன வடைகளாகத் தட்டி, நிழலில் நறுக்கென்று ஒடியும் வரை காயவைத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். தண்ணீர் வெளியே போய்விட்டதால் அந்த வடைகளை எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கலாம். ஒடித்தால் உள்ளே வளைந்து கொடுக்கும் வடை இன்னும் காயவில்லை, அதைப் போடாதீர்கள்.

காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ, வெட்டிவேர் ஆகியவை வெயிலுக்கு ஏற்றவை. ரோஜாவையும் வெட்டிவேரையும் நாம் போடுவது மணத்துக்காக. மணம் என்பது பறந்துபோகும் பொருள், அடுப்பில் வைத்தால் அது அடுப்படியைத்தான் மணக்கவைக்கும். இவற்றில் ஈரம் இல்லாததால் ஜாடியை இறுக்கி மூடலாம். வேலை செய்வது வெயிலின் சூடு என்பதால் ஜாடியைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் ஒட்டினால் எண்ணெய் காறாமல் இருக்கும். இரண்டு வாரம் வரை வைக்கலாம். தலையெண்ணெய்க்குச் சிவப்பு தரும் வேம்பாளம்பட்டை எதற்கும் பிணங்காது. அதன் நிறம் எண்ணெயில் தானே கரையும் என்பதால் வெயிலில் இரண்டு நாள் போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலை நம்பி எதையும் தொடங்காதீர்கள். இரண்டு நாள் மப்பு போட்டால் ஜாடிக்குள் ஈரம் நின்றுவிடும். அப்போது காய்ந்த மூலிகைகளுக்கு வெந்நீர்ப் பாத்திரம் உதவும்: பெரிய பாத்திரத்துத் தண்ணீர் கை சுடும் அளவுக்குச் சூடாக, கொதிக்காமல் இருக்க, அதற்குள் எண்ணெய்ப் பாத்திரத்தை மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீரின் ஆவி எண்ணெயில் படாதபடி உள்பாத்திரத்தின் விளிம்பு உயரமாக இருக்கட்டும்.

இவை எல்லாம் மேலே பூசுவதற்கு. பச்சைப் பூண்டையோ பச்சிலையையோ எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைத்திருந்து சாப்பிடுவது வேறு கதை: காற்றுப் புகாத எண்ணெய்க்குள் ஈரத்தோடு இருக்கும் பூண்டில், உயிரையே பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும், வாடையோ நிறமோ மாறாமலேயே. அதை வெயிலில் வைக்கவே கூடாது.

வடித்த எண்ணெயைக் கருநிறச் சீசாவில், கழுத்துவரை நிரப்பி, அலமாரிக்குள் வையுங்கள். ஈரக்கை படாமல் இருந்தால் ஆறு மாதம் வரும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெட்பாலை ஊதா திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சீசாவை வெந்நீரில் நிறுத்தினால் மறுபடி ஒன்றாகிவிடும்.