திரை தைக்க எந்த அளவைக் கொடுப்பது?

"ஹால் ஜன்னலுக்குத் திரையும் சோபா குஷனுக்கு உறையும் தைக்கக் கொடுக்கப் போகிறேன். போன தடவை ஜன்னல் அளவை எழுதிக் கொடுத்தேன். திரை இழுத்து மூடினால் மடிப்பே இல்லாமல் பலகை மாதிரி நின்றது, ஒரு தடவை துவைத்ததும் குட்டையாகவும் ஆகிவிட்டது. ஜன்னல் 48 அங்குல அகலம், 54 உயரம். குஷன் ஐந்து, 16 அங்குலம், உள்ளே பஞ்சு. கைத்தறிப் பருத்தி எடுக்க ஆசை. சீட்டில் என்ன எழுத வேண்டும்?"

திரைக்கு அளவு தருவது ஜன்னல் இல்லை, கம்பி. அதனால் முதலில் கம்பியை மாட்டிவிடுங்கள். ஜன்னலுக்கு இருபுறமும் 6 அங்குலம் தள்ளி, 5 அங்குலம் மேலே இருக்கட்டும். கம்பி நீளம் 60 அங்குலம் ஆகிறது. மடிப்பு அழகாக விழத் துணி இதைப் போல இரண்டு மடங்கு வேண்டும், அதாவது இருபுறத் திரைக்கும் சேர்த்து 120. போன தடவை பலகை மாதிரி நின்றதற்குக் காரணம் இந்த இரண்டு மடங்கு இல்லாததுதான்.

உயரத்துக்குக் கம்பியின் மேல்புறத்திலிருந்து ஜன்னலுக்குக் கீழே 6 அங்குலம் வரை டேப் பிடித்தால் 65 வரும். வளையத்துக்கு மேலே நிற்கும் துணிக்கு ஒன்று சேர்த்து 66. இதைச் சீட்டில் வெறும் 66 என்று எழுதினால் சிலர் அந்த அளவுக்கே வெட்டிப் பிறகு மடிப்பார்கள், திரை அங்கேயே குட்டையாகிவிடும். "தைத்து முடிந்த அளவு" என்ற மூன்று சொல்லை விடாதீர்கள்.

வெட்டும் அளவு தனி. கீழே 4 அங்குல மடிப்பு, இரட்டையாக மடிப்பதால் 8 போகும். மேலே பக்ரம் என்ற விறைப்புத் துணி வைத்து மடிக்க 5. ஆக 79. துணியின் அகலம், அதாவது பன்னா, 48 அங்குலம் என்றால் மூன்று துண்டு வேண்டும்: ஒன்றை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, பக்கத்துக்கு ஒன்றரையாக ஒட்ட வேண்டும். மூன்று 79 என்பது 237 அங்குலம், ஏறக்குறைய 6 மீட்டர். கைத்தறி சுருங்கும் என்பதால் ஆறரை மீட்டர் எடுங்கள். பெரிய பூ டிசைன் என்றால் பூவோடு பூ பொருந்த இன்னும் கூடுதலாகும். ஒட்டுத் தெரியாமல் இருக்கச் சாதா துணியோ சிறு கட்டமோ நல்லது.

குட்டையான கதைக்கு வருவோம். வாங்கியதும் துணியை வெட்டாமல் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுத்தான் தையலுக்குக் கொடுக்க வேண்டும். ஓர் ஓரத்தில் 20 அங்குலத்துக்குப் பேனாவால் இரண்டு கோடு போட்டு ஊறவைத்தால், எவ்வளவு சுருங்கியது என்று கண்ணாலேயே தெரியும். ஓர் அங்குலம் குறைந்தால், 79 அங்குலத் துண்டில் நாலு அங்குலம் போயிருக்கும். போன தடவை போனது அதுதான்.

குஷனில் எல்லோரும் செய்யும் தவறு, 16 அங்குலக் குஷனுக்கு 16 அங்குல உறை. பஞ்சுக் குஷன் நாளாக நாளாக அமுங்கும், உறை தொளதொளவென்று தொங்கும். தைத்து முடிந்த அளவு 15 கேளுங்கள். ஸ்பாஞ்ச் என்றால் மட்டும் 16 சரி. தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் சேர்த்து 16க்கு வெட்டுவார்கள். கணக்குப்படி 48 பன்னாவில் மூன்று துண்டு வர வேண்டும், ஆனால் கரையோரம் கழியும்போது மூன்றாவது நிற்காது. வரிசைக்கு இரண்டே என்று வைத்து, பத்துத் துண்டுக்கு இரண்டேகால் மீட்டர் வாங்குங்கள். இதையும் ஊறவைக்கத்தான் வேண்டும்.

சரி, சீட்டு இப்படி இருக்கட்டும்:

"மாஸ்டர், துணி ஊறவைத்துக் காயவைத்தது. திரை இரண்டு. தைத்து முடிந்த உயரம் 66. ஒவ்வொன்றும் ஒன்றரைப் பன்னா, ஒட்டு சுவர்ப் பக்கம் வரட்டும். பக்க மடிப்பு ஒன்றரை அங்குலம், கீழே 4 அங்குலம் இரட்டை மடிப்பு. மேலே பக்ரம் வைத்து ஒரு திரைக்கு 12 வளையம். வளையத்தின் உள்வாய் கம்பியைவிடப் பெரியதாக இருக்கட்டும், கம்பித் துண்டு ஒன்று கொடுத்திருக்கிறேன். குஷன் உறை ஐந்து, தைத்து முடிந்த அளவு 15க்கு 15. ஜிப் கீழ் ஓரத்தில், வெளியே தெரியாமல். உள்ளே எல்லா ஓரமும் ஓவர்லாக்."

வளையம் 12 என்றதற்குக் காரணம் உண்டு. இரட்டைப்படையாக இருந்தால்தான் திரையின் இரண்டு ஓரமும் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நிற்கும். 11 வைத்தால் ஓர் ஓரம் அறைப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். வளையம் எத்தனை வைப்பது என்று கடையில் அவரவர் இஷ்டம்போல வைப்பதால் இதை எண்ணிக்கையாகவே எழுதுவது நல்லது.

அப்புறம் கீழ் மடிப்பை மட்டும் மிஷினில் ஓட்ட வேண்டாம், பெரிய நூல் தையலில் நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் மாட்டித் தொங்கவிட்டால் பருத்தி தன் பாரத்தில் கொஞ்சம் இறங்கும். இரண்டு திரையும் சமமாக நிற்கிறதா என்று பார்த்து, குண்டூசி குத்திக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் அடித்துத் தந்துவிடுவார்.